11 வயதுப் பையனுக்கு ஒரு நாளில் 40 ஹெட்டிங்: நிறுத்தச் சொல்லலாமா?

நித்திரவிளை அம்மா
என் மகனுக்கு 11 வயது. வாரத்தில் 3 நாள் கால்பந்துப் பயிற்சிக்குப் போகிறான். மரக்கிளையில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பந்தை ஒவ்வொரு நாளும் 40 தடவை தலையால் முட்டச் சொல்கிறார் கோச். இதுவரை மயங்கி விழவில்லை, தலைவலி என்றும் சொன்னதில்லை. ஆனால் இப்படி முட்டினால் வயதான காலத்தில் மூளை கெட்டுப்போகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். 111 பேர் மூளையைப் பார்த்ததில் 110 பேருக்குப் பாதிப்பாம். நிறுத்தச் சொல்லலாமா?

ஸ்டாப்பர் 5
பயப்பட வேண்டாம் அக்கா. நான் 22 வருடம் டிஃபென்ஸில் ஸ்டாப்பராக ஆடியவன், தூத்தூரிலிருந்து மலப்புறம் செவன்ஸ் வரை. கார்னர் வந்தால் முதலில் எழும்புவது என் தலைதான். இப்போது 58 வயது, எனக்கு மறதி ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து லெதர் பந்து இடவப்பாதி மழையில் தண்ணீர் குடித்துக் கல் மாதிரி ஆகிவிடும். அதை முட்டியவர்களுக்குத்தான் பிரச்சினை வந்தது. இப்போதைய பந்து அவ்வளவாகத் தண்ணீர் குடிக்காது. தலையோடு தலை மோதி ஒருவன் மயங்கி விழுந்தால் ஆபத்து, சரி. சும்மா முட்டுவதால் ஒன்றும் ஆகாது.

மார்த்தாண்டம் நியூரோ
அண்ணே, நனைந்த பந்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் உலர்ந்திருக்கும்போது அந்தப் பந்துக்கும் இந்தப் பந்துக்கும் எடை கிட்டத்தட்ட ஒன்றுதான், 410 முதல் 450 கிராம். அடியின் பலம் எடையைப் பொறுத்தது மட்டும் இல்லை, வேகத்தையும் பொறுத்தது. கோல்கீப்பர், அதாவது நம் கோலி, உதைத்து 40 மீட்டர் தாண்டி இறங்கும் பந்து எந்தக் காலத்துப் பந்தானாலும் தலையைச் சட்டென்று திருப்பிவிடும். தலை திரும்பும் வேகத்துக்கு உள்ளே இருக்கும் மூளை ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கும்போது நரம்பு இழைகள் இழுபடுகின்றன. அதற்கு மயக்கம் வர வேண்டிய அவசியமே இல்லை.

நான் உங்களோடு ஒத்துப்போகாத இடம் இந்த மயக்கக் கணக்குதான். இங்கிலாந்தில் ஜெஃப் ஆஸ்டில் என்று ஒரு ஃபார்வர்டு, ஹெட்டிங்குக்குப் பேர்போனவர். 2002-ல் 59 வயதில் இறந்தார். மரண விசாரணையில் அதைத் தொழில் நோயால் வந்த மரணம் என்றே எழுதினார்கள். 2014-ல் அவருடைய மூளையை மறுபடி பார்த்தபோது சி.டி.இ. என்று தெரிந்தது. பாக்ஸர்களிடம் நெடுங்காலமாகப் பார்த்துவந்த அதே சிதைவு. டௌ என்ற புரதம், மூளை மடிப்புகளின் அடியாழத்தில், சின்ன ரத்தக் குழாய்களைச் சுற்றிப் படிந்திருக்கும். அல்சைமரில் படிகிற முறை வேறு. அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிய 631 பேரின் மூளையை வைத்து 2023-ல் வந்த ஆய்விலும், மயக்கம், தலைசுற்றல் போன்ற அறிகுறியோடு எத்தனை தடவை மூளை அதிர்ந்தது என்பது சி.டி.இ.யோடு பொருந்தவில்லை. வாழ்நாள் முழுவதும் தலை வாங்கிய அடிகளின் மொத்த பலம்தான் பொருந்தியது.

அந்த 111-ல் 110 பற்றி அம்மாவுக்கு: அந்த எண் உண்மை, 2017-ல் வந்தது. அவர்கள் எல்லாரும் அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய லீகில் ஆடியவர்கள். அது நம் பந்து விளையாட்டே இல்லை. அதோடு, 'இவருக்கு என்னவோ ஆகிவிட்டது' என்று சந்தேகப்பட்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் செய்தார்கள். காய்ச்சல் வார்டில் போய் எண்ணிவிட்டு ஊரில் இத்தனை சதவீதம் பேருக்குக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது அல்லவா.

களியக்காவிளை ஜிம்
என் தம்பிக்குப் போன வருடம் பாக்ஸிங்கில் தாடையில் அடி விழுந்தது. வாந்தி எடுத்தான், ரெண்டு நாள் தலை சுற்றல். தலைக் கவசம் போட்டுத்தான் ஆடினான். சி.டி. ஸ்கேன் எடுத்தோம், நார்மல். அக்காவும் மகனுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் கவலை தீர்ந்தது.

மார்த்தாண்டம் நியூரோ
தம்பி, அது வேறு கேள்வி. சி.டி. ஸ்கேன் பார்ப்பது உள்ளே ரத்தக்கசிவு, எலும்பு முறிவு இருக்கிறதா என்று. அது நார்மலாக இருந்தால் அன்றைக்கு உயிருக்கு ஆபத்து இல்லை என்று சொல்லலாம், மூளை அதிரவில்லை என்று சொல்ல முடியாது. வாந்தியும் தலைசுற்றலும் இருந்தால் ஸ்கேன் எப்படி இருந்தாலும் முழுக்கச் சரியாகும்வரை ரிங்கில் இறக்கக் கூடாது. கவசம் நெற்றிக் கிழிசலைத் தடுக்கும், தலை சுழல்வதை அவ்வளவாகத் தடுக்காது. சி.டி.இ.யோ இறந்தபின் மூளையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் உறுதியாகும். 11 வயதுப் பையனை ஸ்கேனுக்குள் படுக்க வைத்து இதற்குப் பதில் கிடைக்காது. வீணாகக் கதிர்வீச்சுதான் மிச்சம்.

ஸ்டாப்பர் 5
ஒரு ஆஸ்டில் கதையை வைத்துக்கொண்டு எல்லாரையும் பயமுறுத்தலாமா டாக்டர்? வயதானால் மறதி வரும். கடலுக்குப் போகிற கிழவர்களுக்கும்தான் வருகிறது, அவர்கள் எந்தப் பந்தை முட்டினார்கள்? விளையாட்டுக்காரன் இதயம் பலமாக இருப்பதால் கூடுதல் காலம் வாழ்கிறான், அதனால் மறதி வரும் வயது வரை போகிறான். சில பேருக்குக் குடியும் உண்டு. இதையெல்லாம் பிரித்துப் பார்த்தார்களா?

மார்த்தாண்டம் நியூரோ
நல்ல கேள்வி அண்ணே. பிரித்துப் பார்த்தார்கள், ஆனால் முழுவதும் பிரிக்க முடியவில்லை. 2019-ல் ஸ்காட்லாந்தில் 7,676 முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களை எடுத்து, அதே வயது, அதே மாதிரி வசதி உள்ள 23,000 பேரோடு ஒப்பிட்டார்கள். நீங்கள் சொன்னபடியே ஆட்டக்காரர்களுக்கு இதய நோய்ச் சாவு குறைவு. ஆனால் மூளை சிதைகிற நோய்களால் இறந்தவர்கள் ஆட்டக்காரர்களில் 1,000-க்கு 17 பேர், மற்றவர்களில் 5 பேர். வயதையும் மற்ற நோய்களால் முன்பே இறந்தவர்களையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால் சுமார் மூன்றரை மடங்கு. அதற்காக ஆடியவர்கள் எல்லாருக்கும் வரும் என்று யாரும் சொல்லவில்லை. 1,000-ல் 983 பேர் அந்தக் காரணத்தால் சாகவில்லை, அதில் நீங்களும் ஒருவராக இருக்கலாம்.

என்னை நம்ப வைத்தது அந்த மூன்றரை மடங்கு இல்லை, கோலிதான். கோலியும் அதே கேம்பில் சாப்பிட்டு, அதே பஸ்ஸில் போய், ஆட்டம் முடிந்ததும் அதே மாதிரி குடித்தவர்தான். தலையால் முட்டுவது மட்டும் மிகக் குறைவு. 2021-ல் அதே ஆட்டக்காரர்களை ஆடிய இடம் பார்த்துப் பிரித்தபோது கோலிகளின் ஆபத்து மற்ற ஜனங்களைவிடத் தெளிவாகக் கூடவில்லை, டிஃபெண்டர்களுக்குத்தான் மிக அதிகம், சுமார் 5 மடங்கு. 2023-ல் ஸ்வீடனில் 6,007 பேரைப் பார்த்தார்கள். அங்கே ஆபத்து ஒன்றரை மடங்குதான், ஆனால் அங்கேயும் கோலிகளுக்கு கூடவில்லை. குடிதான் காரணம் என்றால் கோலியை மட்டும் ஏன் விட்டது?

ஸ்டாப்பர் 5
கோலிகள் எண்ணிக்கையே குறைவு. கொஞ்சம் பேரை வைத்து ஒன்றும் கூடவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. அப்புறம் ஸ்காட்லாந்தில் மூன்றரை, ஸ்வீடனில் ஒன்றரை என்றால் எது நிஜம்?

மார்த்தாண்டம் நியூரோ
ரெண்டும் நியாயமான கேள்வி. ஸ்காட்லாந்தின் மூன்றரை சாவுச் சான்றிதழில் இருந்து வந்தது, ஸ்வீடனில் ஆஸ்பத்திரிப் பதிவையும் மருந்துச் சீட்டையும் சேர்த்து எண்ணினார்கள், ஓரளவு அந்த வித்தியாசம். மீதி எதனால் என்று எனக்கும் தெளிவில்லை. தசைகளை இயக்கும் நரம்புகள் செத்துப்போகும் மோட்டார் நியூரான் நோய் ஸ்காட்லாந்தில் கூடியது, ஸ்வீடனில் கூடவில்லை. புதுப் பந்தால் மட்டும் ஆடிய தலைமுறைக்கு இன்னும் 70 வயது ஆகவில்லை, அவர்களைப் பற்றி இன்றைக்கு யாரும் உறுதியாகப் பேச முடியாது. நம்மைப் போல ஊர் மைதானத்தில் ஆடியவர்களைப் பற்றி இந்த ரெண்டு ஆய்வும் ஒன்றுமே சொல்லவில்லை.

தூத்தூர்க்காரி
எண்களுக்கு நடுவில் என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். கேரளத்தில் ஒரு டிபார்ட்மென்ட் டீமில் 14 வருடம் டிஃபென்ஸில் பேக்காக ஆடினார். 61 வயதில் கோபம் வந்தது. அதுவரை எங்களை அதட்டிக்கூடப் பேசாத மனிதர், தட்டைத் தூக்கி எறிந்தார். மறதி அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் மனநோய் என்றார்கள், இன்னொன்றில் சுகர், பிரஷரால் வந்த மறதி என்றார்கள். விளையாடினாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான்தான் பழைய ஃபோட்டோவைக் கொண்டுபோய்க் காட்டினேன். இப்போது அவருக்கு என் பெயர் தெரியாது, ஆனால் டி.வி.யில் கார்னர் கிக் என்றால் கழுத்தை முறுக்கித் தயாராகிறார். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். பந்துதானா?

மார்த்தாண்டம் நியூரோ
தங்கச்சி, பந்தாக இருக்கலாம். முதலில் குணமும் கோபமும் மாறி, பிறகு மறதி வருவது சி.டி.இ.யில் உண்டு. ஆனால் மூளையின் முன்பகுதி சுருங்கும் வேறொரு நோயிலும் அப்படியே வரும், சுகரும் பிரஷரும் மூளையின் ரத்தக் குழாயைக் கெடுக்கும், இதில் ரெண்டு மூன்று ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கும். உயிரோடு இருக்கும்போது சி.டி.இ.தான் என்று உறுதிசெய்யும் பரிசோதனை இன்று இல்லை. அவர் ஆடிய வருடங்களையும் ஆடிய இடத்தையும் டாக்டரிடம் எழுதிக்கொடுங்கள், அது ஃபைலில் இருக்க வேண்டிய விஷயம். சுகரும் பிரஷரும் கட்டுக்குள் இருக்கட்டும், தூக்கமும் காதும் பார்க்கச் சொல்லுங்கள். அவை சரியானால் மீதி இருப்பதும் கொஞ்சம் இலகுவாகும்.

நித்திரவிளை அம்மா
வாசிக்க வாசிக்க நெஞ்சு படபடக்கிறது. என் பையன் கணக்குக்கு என்ன பதில்?

மார்த்தாண்டம் நியூரோ
கணக்குப் போடலாம். வாரம் 120, வருடத்தில் 40 வாரம் என்றால் 4,800. நியூயார்க்கில் 2013-ல் 37 அமெச்சூர் ஆட்டக்காரர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். வருடத்துக்கு 885 முதல் 1,550 தடவைக்கு மேல் முட்டியவர்களின் நரம்பு இழைகளில் மாற்றம் தெரிந்தது, 1,800-க்கு மேல் போனவர்கள் நினைவுச் சோதனையில் குறைவாக எடுத்தார்கள். இதை அப்படியே மகனுக்குப் பொருத்தக் கூடாது. அவர்கள் பெரியவர்கள், எண்ணிக்கை அவர்களே ஞாபகத்தில் இருந்து சொன்னது, ஒரு தடவை எடுத்த படம், அந்த மாற்றம் நிலைக்குமா மறையுமா என்று தெரியாது. கயிற்றில் ஆடும் பந்து கோல் கிக்கைவிட மிகவும் மெதுவானது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பிள்ளையின் தலை உடம்போடு பார்க்கப் பெரிது, கழுத்து மெல்லியது. அதே அடிக்குத் தலை கூடுதலாக ஆடும்.

அமெரிக்காவில் 10 வயது வரை ஹெட்டிங் கூடாது என்று 2015-ல் வைத்தார்கள். 2020-ல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கேடு என்று நிரூபித்துவிட்டுச் செய்யவில்லை. முன்னெச்சரிக்கையாகச் செய்தார்கள், எடுத்துவிடுவதால் ஆட்டத்துக்குப் பெரிய நஷ்டமும் இல்லை. நானாக இருந்தால் இப்போதைக்கு நிறுத்தச் சொல்வேன்.

ஸ்டாப்பர் 5
இங்கே நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 11-ல் கற்காதவன் 15-ல் உச்சந்தலையால் முட்டுவான், கண்ணை மூடுவான், எதிராளி மண்டையில் மோதுவான். பிறகு அதே மயக்கம்தான். நெற்றியில் வாங்கக் கழுத்தை இறுக்கிப் பழகணும். ஆனால் 40 தடவை தேவையே இல்லை, அது சோம்பேறி கோச்சிங். காற்று குறைந்த லேசான பந்தைக் கையால் போட்டு, வாரத்துக்கு 10 போதும்.

மார்த்தாண்டம் நியூரோ
சின்ன வயதில் கற்றால் பின்னால் மோதல் குறையுமா என்பதற்கு யாரிடமும் நல்ல ஆதாரம் இல்லை அண்ணே, உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. லேசான பந்து, வாரம் 10 என்றால் நான் சண்டை போட மாட்டேன்.

நித்திரவிளை அம்மா
இன்று சாயங்காலம் கோச்சிடம் பேசினேன். முதலில் முகம் சுளித்தார். 4,800 என்று சொன்னதும் அவரே விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். கயிற்றை நெஞ்சு உயரத்துக்கு இறக்கிவிட்டார், இனி நெஞ்சால் பந்தை நிறுத்தும் பயிற்சியாம். அடுத்த வருடம் என்ன செய்வது என்று அப்போது பார்க்கலாம் என்றார்.