‘வேண்டாம்’ சொன்ன பிறகும் ரிக்வெஸ்ட் போனால் பாஸா?

ஈரோட்டான்:
தளத்தின் குக்கி சம்மதப் பேனரில் மறுப்பு பட்டனை அழுத்தினேன், கூகுள் அனலிடிக்ஸின் `_ga` குக்கி விழவில்லை. குக்கி இல்லை என்றால் டிராக்கிங் இல்லை, டெஸ்ட் பாஸ். இதற்கு மேல் தோண்டுவது பக் எண்ணிக்கையைக் கூட்டத்தான்.

கயல்விழி:
கடைசி வரி யாருக்கு என்று புரிகிறது. போன மாதம் நீங்கள் பாஸ் போட்டு அனுப்பிய பிரெஞ்சு கடையின் தளத்தை நான்தான் மறுபடி பார்த்தேன். விளம்பரத் தடுப்பான் இல்லாத புது இன்காக்னிட்டோ ஜன்னல். பக்கம் திறக்கும் முன்பே Network தாவலில் Preserve log டிக். எல்லாவற்றையும் மறுக்கும் `Tout refuser` பட்டனை அழுத்திவிட்டு இரண்டாவது பக்கத்துக்குப் போனேன். `_ga` இல்லைதான். ஆனால் `collect` என்று தேடினால் கூகுளுக்குப் போகும் இந்த ரிக்வெஸ்ட் நிற்கிறது:

```
/g/collect?v=2&gcs=G100&dl=...
```

`dl`-இல் நான் பார்த்த பொருளின் முழு முகவரி. மறுத்தவர் எந்தச் செருப்பைப் பார்த்தார் என்று வெளியே போகிறது.

ஈரோட்டான்:
G100 என்றால் என்ன என்று தெரிந்துதான் பேசுகிறீர்களா? முதல் பூஜ்யம் விளம்பரத்துக்கு, அடுத்தது அளவீட்டுக்கு. இரண்டும் மறுக்கப்பட்டது என்று அதுவே சொல்கிறது. கூகுளின் கன்சென்ட் மோடே அப்படித்தான் வேலை செய்யும். குக்கி விழுந்ததா? இல்லை. முடிந்தது.

கயல்விழி:
பூஜ்யத்தை எனக்கும் படிக்கத் தெரியும். ‘இவர் மறுத்துவிட்டார்’ என்று சொல்லவும் ஒரு ரிக்வெஸ்ட் போகிறது, அதோடு ஐபி முகவரியும் போகிறது. நீங்கள் சொல்வது கன்சென்ட் மோடின் அட்வான்ஸ்டு அமைப்பு. பேசிக்கில் சம்மதம் வரும்வரை டேக் லோடே ஆகாது. எது வேண்டும் என்று கிளையன்டிடம் கேட்டீர்களா? அவர்கள் பேனரில் எழுதியிருப்பது ‘மறுத்தால் எந்தத் தகவலும் அனுப்பப்படாது’. நான் அந்த வரியை வைத்துத்தான் ஃபெயில் போட்டேன்.

பொன்னி_நதி:
எனக்கும் இதே தொல்லைதான். ராத்திரி குக்கியெல்லாம் அழித்துவிட்டுப் படுத்தால், காலையில் அதே தளம் திரும்பவும் சம்மதம் கேட்கிறது. இதுவும் டிராக்கிங்தானே?

கயல்விழி:
இல்லை அம்மா. நீங்கள் மறுத்ததைத் தளம் ஒரு குக்கியில்தான் குறித்து வைக்கும். அதையும் சேர்த்து அழித்தால் மறந்துபோய்க் கேட்கிறது.

ஈரோட்டான்:
பார்த்தீர்களா, குக்கி தேவை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கயல்விழி:
அது வேறு பேச்சு, இழுக்காதீர்கள்.

மணல்வீடு:
எங்கள் புராஜெக்டில் டேக் மேனேஜரில் எல்லாம் சரியாக இருந்தது. மறுத்த பிறகும் `_fbp` விழுந்துகொண்டே இருந்தது. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால், தீமின் ஹெட்டரிலேயே யாரோ ஃபேஸ்புக் பிக்சலை ஒட்டி வைத்திருந்தார்கள். பேனருக்கு அது இருப்பதே தெரியாது.

ஈரோட்டான்:
அது டெவலப்பர் தப்பு. அங்கே குக்கி விழுந்தது, ஃபெயில். இங்கே விழவில்லை. நான் சொல்வதுதானே சரி?

கயல்விழி:
நீங்கள் ஒரு வழியைத்தான் டெஸ்ட் செய்தீர்கள். முதலில் ஏற்று, இரண்டு பக்கம் நடந்துவிட்டு, அமைப்புகளில் போய் மறுத்துப் பாருங்கள். அதே தளத்தில் `gcs` G111-இலிருந்து G100-க்கு மாறுகிறது, `_ga` அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதன் ஆயுள் 2 வருடம். கன்சென்ட் மோட் அதைப் படிப்பதை நிறுத்துமே தவிர அழிக்காது, பேனர்தான் அழிக்க வேண்டும். உங்கள் ‘குக்கி விழுந்ததா’ கேள்விக்கே இங்கே பதில் ‘ஆமாம்’.

ஈரோட்டான்:
அது பழைய குக்கி. மறுத்த பிறகு விழுந்தது இல்லை. போன வருடம் லாகின் விவாதத்திலும் இப்படித்தான் கேள்வியை மாற்றிக்கொண்டே போனீர்கள்.

கயல்விழி:
அந்த லாகின் பக்கும் பிறகு லைவில் வந்தது, மறந்துவிட்டீர்கள். இன்னொன்று: ஐரோப்பாவின் இ-பிரைவசி உத்தரவில் 5(3) பிரிவைப் படியுங்கள். அதில் குக்கி என்ற சொல்லே கிடையாது. பயனரின் கருவியில் தகவலைச் சேமிப்பது, அதில் இருப்பதை அணுகுவது என்றுதான் இருக்கிறது.

ஈரோட்டான்:
சட்டம் படிக்க வக்கீல் இருக்கிறார். நான் டெஸ்ட்டர்.

மணல்வீடு:
அப்படியானால் அந்த ரிக்வெஸ்ட்டை ரிப்போர்ட்டில் எழுதாமல் விட்டது ஏன் தம்பி? பாஸோ ஃபெயிலோ, பார்த்ததை எழுதலாமே.

ஈரோட்டான்:
குக்கி விழவில்லை. எழுத என்ன இருக்கிறது?

கயல்விழி:
`dl` இருக்கிறது. நாளைக்கு Network லாக்கை HAR கோப்பாகச் சேமித்து டிக்கெட்டில் சேர்க்கிறேன். கிளையன்ட் பார்க்கட்டும்.

ஈரோட்டான்:
சேருங்கள். நானும் குக்கி பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டைச் சேர்க்கிறேன்.