பிளாக்செயினில் எழுதியதை மாற்ற முடியுமா, முடியாதா?

கடைக்காரர்: செய்தியில் டிஜிட்டல் பணம் என்றாலே பிளாக்செயின் என்கிறார்கள். நான் கடை வைத்திருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் பிட்காயினில் பணம் தருகிறேன் என்கிறார். அதில் பதிந்ததை யாராலும் மாற்ற முடியாதாம், அதனால் ஏமாற்றவே வழியில்லையாம். அப்படியா?

சங்கிலியார்: அப்படியேதான். பேரேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முந்தைய பக்கத்தின் கைரேகையைப் பதித்து வைத்தால் எப்படி இருக்கும்? நடுப்பக்கத்தில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் அதற்குப் பின்னால் உள்ள எல்லாக் கைரேகைகளும் பொருந்தாமல் போய்விடும். அந்தப் பேரேட்டின் நகல் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. மாற்றவே முடியாது. தைரியமாக வாங்குங்கள்.

நள்ளிரவு நோடு: வந்துவிட்டார் "மாற்றவே முடியாது" ஆசாமி. போன மாதம் வேறொரு இழையிலும் இதையே சொல்லிவிட்டுக் காணாமல் போனார்.

கடைக்காரரே, "தைரியமாக" என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். அவர் அனுப்பு பொத்தானை அழுத்தியதும் உங்கள் கைபேசியில் தொகை தெரியும். ஆனால் அது இன்னும் எந்த பிளாக்கிலும், அதாவது அந்தப் பேரேட்டின் எந்தப் பக்கத்திலும், ஏறவில்லை, வரிசையில் நிற்கிறது. பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக்தான் உருவாகும். அந்த இடைவெளியில் அதே காசைத் தன்னுடைய இன்னொரு முகவரிக்கே, கூடுதல் கட்டணம் வைத்து, அவர் மறுபடி அனுப்பலாம். பிளாக் கட்டுகிறவர்கள் கட்டணம் அதிகமுள்ளதைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். உங்களுக்கு வந்தது செல்லாமல் போகும். பொருள் அதற்குள் கடையை விட்டுப் போயிருக்கும். இதற்குப் பெரிய கணினி அறிவெல்லாம் வேண்டாம், பல வாலட்களில் கட்டணத்தைக் கூட்டி மறுபடி அனுப்பும் வசதி இருக்கிறது.

சங்கிலியார்: பிளாக்கில் ஏறாததைப் பற்றி நான் பேசவே இல்லை. ஏறிய பிறகு மாற்ற முடியாது என்றேன். படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

நள்ளிரவு நோடு: அவர் கேட்டது "ஏமாற்றவே வழியில்லையா" என்று. நீங்கள் சொன்னது "தைரியமாக வாங்குங்கள்" என்று. இதில் ஏறியது எங்கே, ஏறாதது எங்கே?

சரி, ஏறியதையே பேசுவோம். 2010 ஆகஸ்ட் 15. 74638ஆம் பிளாக்கில் ஒரு கணக்குப் பிழையால் 18,400 கோடிக்கும் மேற்பட்ட பிட்காயின் ஒன்றுமில்லாததிலிருந்து முளைத்தது. மொத்தமே 2.1 கோடிக்கு மேல் உருவாகக் கூடாது என்பது விதி. சில மணி நேரத்தில் திருத்திய மென்பொருள் வந்தது. எல்லோரும் அதற்கு மாறி, அந்த பிளாக்கையும் அதன் மேல் கட்டிய பிளாக்குகளையும் தூக்கிப் போட்டார்கள். இன்று 74638 என்று தேடினால் வேறு பிளாக் வரும். இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

சங்கிலியார்: அது மாற்றியது அல்ல. பிழையான கிளையை விட்டுவிட்டு சரியான கிளையைத் தொடர்ந்தார்கள், அவ்வளவுதான். எழுதிய பிளாக்கில் ஒரு எழுத்தும் திருத்தப்படவில்லை.

வாணி: இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு என் கதையைக் கேளுங்கள். என் தம்பிக்கு அனுப்புவதாக நினைத்து முகவரியை நகலெடுத்து ஒட்டினேன். கணினியில் ஏதோ தீய நிரல் இருந்திருக்கிறது, ஒட்டும்போது முகவரியே மாறிவிட்டது. நான் கவனிக்கவில்லை. அப்புறம் யாரிடமும் முறையிட முடியவில்லை. ரத்து செய்ய ஆளே இல்லை. ஆக, மாற்ற முடியாது என்பதுதான் என் அனுபவம்!

நள்ளிரவு நோடு: உங்கள் பணம் போனதற்கு வருத்தம். ஆனால் அது வேறு விஷயம் அம்மா. அனுப்பியவர் வருந்தினால் திருப்பித் தர அங்கே யாரும் இல்லை. அதற்காகச் சங்கிலியின் நுனி ஆடவே ஆடாது என்று ஆகிவிடாது. இனி ஒட்டியதும் முகவரியின் முன்னும் பின்னும் நடுவிலும் சில எழுத்துகளைச் சரிபாருங்கள்.

வாணி: எனக்குப் பாடம் எடுக்கச் சொல்லவில்லை.

நள்ளிரவு நோடு: சங்கிலியாருக்கு வருகிறேன். 2013 மார்ச் மாதம். மென்பொருளின் 0.8 பதிப்பு ஏற்றுக்கொண்ட ஒரு பிளாக்கைப் பழைய 0.7 ஏற்கவில்லை. சங்கிலி இரண்டாகப் பிரிந்து சில மணி நேரம் இரண்டு பக்கமும் வளர்ந்தது. கடைசியில் 0.7 ஏற்கிற பக்கத்துக்கே எல்லோரும் திரும்பினார்கள். இதற்கிடையில் ஒரு பணப்பரிமாற்ற நிறுவனத்துக்கு வந்த இருநூறுக்கும் மேற்பட்ட பிட்காயின் ஒரு கிளையில் முறைப்படி உறுதியாகியிருந்தது. அந்தக் கிளை கைவிடப்பட்டபோது அதே காசு மற்ற கிளையில் வேறு இடத்துக்குப் போயிருந்தது. "எழுத்து திருத்தப்படவில்லை, கிளைதான் மாறியது" என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்களேன், மனம் குளிர்ந்துவிடும்.

மளிகை மாமா: நானும் கடைதான். கடன் பாக்கிக் கணக்கைப் பையன் அழித்துவிடுகிறான். இந்த பிளாக்செயினில் போட்டு வைக்கலாமா?

சங்கிலியார்: தாராளமாகப் போடலாம் ஐயா. ஒருவராலும் அழிக்க முடியாது.

நள்ளிரவு நோடு: அடடா. மாமா, உங்கள் கணக்கை எழுதுகிறவரும் சரிபார்க்கிறவரும் ஒரே வீட்டு ஆட்கள். ஒரே கணினியில் சங்கிலி இருந்தால் அதை முதலிலிருந்து மறுபடி கட்டச் சில நொடி போதும், எல்லாக் கைரேகையும் பொருந்தும். பையன் தவறான தொகையை ஏற்றினால் அந்தத் தவறும் அழகாகப் பாதுகாக்கப்படும். கணக்கின் நகலை வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள்.

மளிகை மாமா: பையன் தவறாக எழுத மாட்டான். அழிக்கத்தான் செய்கிறான்.

சங்கிலியார்: நோடு ஐயா, 2013க்குப் பிறகு உலகம் நகர்ந்துவிட்டது. பழைய விபத்துகளையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். ஆறு பிளாக் ஆனால் மாற்றவே முடியாது. பிட்காயினை உருவாக்கிய சடோஷியே எழுதியிருக்கிறார்.

நள்ளிரவு நோடு: சடோஷி "முடியாது" என்று எழுதவில்லை, வாய்ப்பைக் கணக்கிட்டிருக்கிறார். அவருடைய 2008 கட்டுரையின் கணக்கீட்டுப் பகுதியைத் திறந்து பாருங்கள். பிளாக் கட்டும் மொத்தக் கணினி வலிமையில் 10 சதவீதம் வைத்திருப்பவருக்கு, உங்கள் பணம் ஒரு பிளாக்கில் ஏறிய பிறகும் அதைப் புரட்டிப்போட ஏறக்குறைய 20 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஆறு பிளாக் ஆன பிறகு அது 0.02 சதவீதமாக விழுகிறது. பூஜ்யம் ஆகவில்லை.

கடைக்காரருக்கு நேரடியாக: அந்த அளவு வலிமை உள்ளவர் ஒரு கடைச் சாமானுக்காக அதைச் செலவிட மாட்டார், நட்டம்தான். அதனால் சில்லறை வியாபாரத்துக்கு ஒரு பிளாக் காத்திருந்தால் பெரும்பாலும் போதும். விலை உயர்ந்த பொருள் என்றால் ஆறு, அதாவது சுமார் ஒரு மணி நேரம். திரையில் தொகை தெரிந்ததும் பொருளைக் கொடுப்பதுதான் கூடாதது.

சங்கிலியார்: 0.02 சதவீதத்தை வைத்துக்கொண்டு இத்தனை பதிவா! நடைமுறையில் முடியாது என்றால் முடியாது என்றுதானே அர்த்தம்? 10 சதவீதம் யாரிடம் இருக்கிறது, சொல்லுங்கள்.

நள்ளிரவு நோடு: கணினி வலிமையைச் சேர்த்து பிளாக் கட்டும் சுரங்கக் குழுக்களிடம். 2014 ஜூனில் ஜிஹாஷ் என்ற ஒரே குழு மொத்தத்தில் பாதியை எட்டியது தெரியாதா?

சங்கிலியார்: எட்டினார்கள், மாற்றினார்களா?

கடைக்காரர்: வாடிக்கையாளரை ஒரு மணி நேரம் கடையில் உட்காரவைக்கச் சொல்கிறீர்களா?

சங்கிலியார்: வேண்டாம் ஐயா, அதற்கு ஒவ்வொரு பரிமாற்றத்தையும் பிளாக்கில் ஏற்றாமலே பிட்காயின் அனுப்பும் லைட்னிங் இருக்கிறது, நொடியில் முடியும். நோடு அதை மட்டும் சொல்ல மாட்டார். வந்த புதிதில் அதை இவர் கிண்டல் செய்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

நள்ளிரவு நோடு: கிண்டல் செய்தது லைட்னிங்கை அல்ல, அதை நீங்கள் விளக்கிய விதத்தை. பேச்சை மாற்றாதீர்கள். 74638க்கு இன்னும் பதில் வரவில்லை.

சங்கிலியார்: சொல்லிவிட்டேன். கிளை மாறியது.

வாணி: என் பணத்தை எந்தக் கிளையில் தேடுவது என்று யாராவது சொல்லுங்கள்.