224 ரூபாயா, 22,400 ரூபாயா? பள்ளியை நிறுத்திய பிறகு கணக்கு: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

மீனா, மதுரை

நாலாம் வகுப்பு முடிந்ததும் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். ஏழு மாதம் ஆகிறது. ஏன் நிறுத்தினோம் என்பது இந்த வீட்டுக்கல்விக் குழுவில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான், அதை விட்டுவிடுகிறேன். ஒரு நாள் நடந்தது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

காலையில் அவள் தாத்தாவின் பூக்கடையில் உட்காருவாள். அன்று மல்லிகை கிலோ 640 ரூபாய். ஒருவர் 350 கிராம் கேட்டார். தாத்தா கல்லை வைத்து நிறுப்பதற்குள் இவள் சொல்லிவிட்டாள்: "நூறு கிராம் 64. முந்நூறு 192. அம்பதுக்கு 32. மொத்தம் 224." அவர் 500 ரூபாய்த் தாளை நீட்டினார், மீதி 276-ஐயும் எண்ணிக் கொடுத்தாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மதியம் நோட்டை எடுத்து அதே கணக்கை எழுதிக் கொடுத்தேன். 640-ஐ 350-ஆல் பெருக்கினாள். 2,24,000 சரியாக வந்தது. ஆயிரத்தால் வகுக்க வேண்டும். ஒரே ஒரு பூஜ்யத்தை அடித்துவிட்டு 22,400 என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

"350 கிராம் பூ இருபத்திரண்டாயிரமா பாப்பா?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்து, "இது கடை இல்லையேம்மா, கணக்குதானே" என்றாள்.

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்பிச் சொன்னாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இது பள்ளி செய்த வேலையா, நான் பாதியில் விட்டதால் வந்த குறையா? உங்கள் வீட்டில் இப்படி நடந்திருக்கிறதா?

இளங்கோ, கோவை

சகோதரி, நோட்டை மூடி வையுங்கள். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஒன்பது வயதில் நிறுத்தினோம். ஒரு வருடம் கணக்குப் புத்தகம் திறக்கவே இல்லை. பழைய சைக்கிளைப் பிரித்து மாட்டும்போது மிதிக்கட்டைச் சக்கரப் பல்லும் பின்சக்கரப் பல்லும் எத்தனை என்று எண்ணி, ஒரு மிதிக்குச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்று தானே கண்டுபிடித்தான். 44 பல்லும் 18 பல்லும். "ரெண்டரைக்குக் கொஞ்சம் கம்மிப்பா" என்று ஓடி வந்து சொன்னது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

நீங்கள் செய்யும் தவறு அவசரம். பள்ளியில் கழித்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதம் பிள்ளையைச் சும்மா விட வேண்டும், அப்போதுதான் பள்ளி உள்ளிருந்து இறங்கும். நாலு வருடம், எல்கேஜி யுகேஜி சேர்த்தால் ஆறு. ஏழு மாதம் ஆகிவிட்டது என்பீர்கள். நடுவில் நோட்டைக் காட்டினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பாட்டி வீட்டுக்கு அனுப்புங்கள், கடையிலும் "எவ்வளவு ஆச்சு?" என்று சோதிக்காதீர்கள், உறவினர்கள் வாய்ப்பாடு கேட்டால் நீங்களே குறுக்கே புகுந்து பேச்சை மாற்றுங்கள், சீருடை வாட்டர் பாட்டில் எல்லாவற்றையும் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். பள்ளி முறையையே விமர்சித்த சிந்தனையாளர் இவான் இல்லிச் 1971-லேயே சொல்லிவிட்டார், பிள்ளையை வீட்டில் விட்டாலே போதும் என்று. தேவை வந்தால் எழுத்துக் கணக்கும் தானாக வரும்.

ஒன்றியப் பள்ளி ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

இளங்கோ சார், தானாக வரும் என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? உங்கள் பையன் பக்கத்தில் கணக்குத் தெரிந்த அப்பா இருக்கிறார்.

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வருடா வருடம் வீடு வீடாகப் போகிறவள் நான். இரண்டு வருடம் முன்பு ஒரு வீட்டில், "பாப்பாவுக்கு வீட்டுக் கல்விங்க டீச்சர்" என்றார்கள். பதினொரு வயதுப் பெண். உள்ளே எட்டிப் பார்த்தேன். இடுப்பில் தம்பி, அடுப்பில் உலை. எந்தப் புத்தகம் படிக்கிறாய் என்று கேட்டதற்கு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. "பள்ளி வேண்டாம்" என்று படித்தவர்கள் பேசும்போதெல்லாம் அவள்தான் நினைவுக்கு வருகிறாள்.

மீனா அம்மா, உங்களைச் சொல்லவில்லை. உங்கள் மகள் அறிவாளி. ஆனால் நிறுத்தும்போது என்னென்ன கை நழுவுகிறது என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? எங்கள் பள்ளிப் பெண் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குத் தகுதி பெறுகிறாள். கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அரசு வேலையில் தமிழ் வழிக்கான 20 சதவீதத்துக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்த சான்று கேட்கிறார்கள். பத்து வயதில் எடுக்கிற முடிவு இருபத்தைந்து வயதில் போய் நிற்கும்.

இன்னொன்று, திரும்ப வர வழி உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் பதினாலு வயதுப் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். டிசி இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. எட்டாம் வகுப்பு வரை இது சுலபம், ஒன்பதில் வந்தால் கஷ்டம்.

செல்வி72

என் மகன் ஒன்பதாவதில் ஃபெயில். பள்ளியில் டிசி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். என்ஐஓஎஸ் என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம் என்கிறார்கள். மீனா மேடம், உங்கள் மகளுக்கு அதில் பதிவு செய்துவிட்டீர்களா? கணக்கு எடுக்காமல் எழுத முடியுமா? யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

அருண், புதுச்சேரி

செல்வி அம்மா, மீனா அவர்களின் மகளுக்குப் பத்து வயதுதான். பத்தாம் வகுப்புப் பதிவுக்குப் பதினாலு நிறைந்திருக்க வேண்டும். உங்கள் மகனுக்குப் பொருந்தும். ஐந்து பாடம் போதும், ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும். கணக்கைத் தவிர்க்கலாம், ஆனால் பிறகு டிப்ளமோ போக நினைத்தால் அங்கே கேட்பார்கள், யோசித்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்தில் ஒன்பது வாய்ப்பு. ஒரே தடவையில் எல்லாப் பாடமும் எழுத வேண்டியதில்லை.

நான் எட்டு வயதிலிருந்து பள்ளிக்குப் போகாமல் வளர்ந்தவன். பதினாறு வயதில் எழுதிய முதல் பரீட்சையே என்ஐஓஎஸ் பத்தாம் வகுப்புதான். கணக்குத் தாளில் மூன்றாவது கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அதை இரண்டு வழியில் செய்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்தால் நாற்பது நிமிடம் போயிருந்தது. வராத கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம், பிடித்த கேள்வியிலேயே தங்கக் கூடாது என்பதெல்லாம் எனக்கு யாரும் சொன்னதில்லை. இரண்டாவது மணி நேரத்தில் விரல் மரத்துப்போய்ப் பேனா நழுவியது. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து எழுதியதே இல்லை.

தேர்ச்சி பெற்றேன். 33 தேவை, 41 வந்தது. பாடம் தெரிந்துதான் போயிருந்தேன், பரீட்சை எழுதத்தான் தெரியவில்லை. இளங்கோ சொல்வது போல் "தானாக" வராத விஷயம் இது ஒன்று. அடுத்த வாய்ப்புக்கு முன் இரண்டு மாதம் பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதினேன், அது போதுமாக இருந்தது. பத்து வருடம் பள்ளிக்குப் போயிருக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

சுந்தரி, சென்னை

கணக்கு சொல்லிக்கொடுப்பது என் வேலை. மீனா, உங்கள் மகளின் பதில் உலகம் முழுக்கக் கேட்ட பதில்.

பிரேசிலில் ரெசிஃபே நகரத்தில் தெருவில் தேங்காய், பழம் விற்கும் பிள்ளைகளிடம் மூன்று ஆய்வாளர்கள் வாங்குபவர்களாகப் போய்க் கணக்குக் கேட்டார்கள். 1985-ல் வெளியானது. ஐந்தே பிள்ளைகள்தான், ஆனால் கடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி. அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது முப்பத்தேழு. கடையில் உங்கள் மகள் மாதிரியே தெரிந்த விலைகளை அடுக்கிக் கூட்டினார்கள். தாளில் அந்த வழியை விட்டுவிட்டுப் பள்ளி வழியைப் பாதி நினைவில் பிடித்துச் செய்தார்கள். விடை அபத்தமாக வந்தாலும் கண்ணில் படவில்லை.

ஐந்து பேரை வைத்து என்ன சொல்வது என்று கேட்கலாம். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழு கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் பார்த்து 2025-ல் வெளியிட்டார்கள். சந்தைப் பிள்ளைகள் பலர் தாளில் தடுமாறினார்கள். பள்ளி மட்டும் போகும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் அதைவிட மோசமாகத் தடுமாறினார்கள். ஆக, கடைக் கணக்கு தாளுக்குத் தானாக வராது, தாள் கணக்கும் கடைக்குத் தானாகப் போகாது. இது இளங்கோவுக்கும் பதில், ஆசிரியைக்கும் பதில்.

இளங்கோ, வருடத்துக்கு ஒரு மாதம் என்பது வீட்டுக்கல்விக் குடும்பங்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் கைக்கணக்கு, மருந்துச் சீட்டு மாதிரி பிடித்துக்கொள்ள வேண்டாம். இல்லிச் வீட்டில் விடச் சொல்லவில்லை. கற்றுக்கொள்ள விரும்புகிறவர், தெரிந்தவர், கூடப் படிக்கிறவர், தேவையான பொருள் ஆகியவை ஒன்றையொன்று கண்டுகொள்ளும் வலைகள் ஊரில் வேண்டும் என்றார். தாத்தா கடை அந்த வலையில் ஒரு முடிச்சு. மற்ற முடிச்சுகளையும் யாராவது கட்ட வேண்டும்.

மீனா, பெருக்கிப் பூஜ்யம் அடிக்கும் முறையை இப்போதைக்கு விடுங்கள். கடையில் வாயால் சொன்னதை அப்படியே வரிவரியாக எழுதச் சொல்லுங்கள். நூறு கிராம் 64 ஒரு வரி, முந்நூறு 192 அடுத்த வரி, அம்பது 32 மூன்றாவது. எழுதும் முன்பே "அரை கிலோவுக்கு 320, அதைவிடக் குறையத்தான் வரும்" என்று உத்தேசம் சொல்லட்டும். அது பழகிவிட்டால் 22,400 எழுதிய கை தானே நிற்கும். அப்புறம் நாலைந்து வாரம் கழித்து, பெருக்கல் முறையும் அவளுடைய மூன்று வரியும் ஏன் ஒரே இடத்துக்கு வருகின்றன என்று சேர்ந்து பாருங்கள். இங்கே அவசரப்பட்டால் மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடுவாள், என் மாணவர்களிடம் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இளங்கோ, கோவை

இல்லிச் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எழுதச் சொல்வதே அவளுக்கு மறுபடி பள்ளியாகிவிடும் என்ற பயம் எனக்குப் போகவில்லை. என் பையன் பல் கணக்கை இன்றுவரை தாளில் எழுதியதில்லை. எழுதச் சொல்லிப் பார்க்கவும் எனக்கு மனமில்லை.

மீனா, மதுரை

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா, ஒன்றிலிருந்து தமிழ் வழிச் சான்று என்பது எனக்குத் தெரியாது. வீட்டில் சொன்னேன். அவர் ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்த்துவிடலாம் என்கிறார். மாமனார் கூடாது என்கிறார். எனக்கு இன்னும் முடிவு வரவில்லை.

சுந்தரி அம்மா சொன்னதைப் பத்து நாளாகச் செய்கிறோம். நோட்டு வேண்டாம் என்று கடையின் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறாள். நேற்று கனகாம்பரம் கிலோ 480, கால் கிலோவுக்கு எழுதச் சொன்னேன். அரை 240, கால் 120 என்று இரண்டே வரி. அதற்குக் கீழே நான் கேட்காமலே 480 × 250 போட்டு, பூஜ்யங்களை ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பார்த்தாள். 12,000, 1,200, 120. மூன்றாவதில் நிறுத்திவிட்டு, "மூணு பூஜ்யம் போனாத்தான் தாத்தா ஒத்துக்குவாரு" என்றாள்.

ஏன் மூன்று என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். கிலோவுக்கு ஆயிரம் கிராம் என்பதோடு அதை எப்படிச் சேர்த்துச் சொல்வது என்று சுந்தரி அம்மாவோ ஆசிரியை அம்மாவோ சொல்லுங்கள்.