இடக்கை குரோஷே: எழுத்து சரிஞ்சு வருது, ஆராவது சொல்லுங்கோ

அக்காமார், நான் வெள்ளவத்தையில இருக்கிறன், இடக்கை. வலக்கைக்காரரின்ட வீடியோக்களை போனில இடம் வலம் திருப்பிப் பார்த்துத்தான் பழகினனான். சங்கிலி, ஒற்றைக் குரோஷே எல்லாம் அப்பிடியே பிடிபட்டிட்டுது.

அம்மாவுக்கு 'அ' எழுத்துப் போட்ட பை பின்னத் தொடங்கினன். பழக்கத்தில கட்டப் படத்தையும் திருப்பிப்போட்டு, இடப்பக்கமிருந்து வாசிச்சுப் பின்னினன். 8 சுற்று முடியப் பார்த்தால் எழுத்து கண்ணாடியில தெரியிற மாதிரி இடம் வலம் மாறி நிக்குது. அவிழ்த்திட்டு, திருப்பாத படத்தைக் கீழ் இடது மூலையிலிருந்து ஒவ்வொரு சுற்றும் வாசிச்சன். எழுத்து நேராகிட்டுது. ஆக, கையைக் காட்டுற வீடியோவைத் திருப்பவேணும், எழுத்துள்ள படத்தைத் திருப்பக்கூடாது.

இப்ப மற்றப் பிரச்சினை. திருப்பாமல் வட்டமாய்ப் பின்னேக்க வலக்கையாருக்குத் தையல் கொஞ்சம் வலப்பக்கம் சரியும், எனக்கு இடப்பக்கம் சரியுது. 'அ'வின்ட நேர்க்கோடு மேல போகப் போக இடப்பக்கம் சாயுது. ஊசியைச் சின்னனாக்கி இறுக்கிப் பார்த்தன், சரிவு குறையேல்லை.

சில சுற்றுக்கொருக்கா கோட்டை ஒரு தையல் வலப்பக்கம் தள்ளிப் பின்னின இடக்கைக்காரர் இருக்கிறியளா? எத்தினை சுற்றுக்கு ஒருக்காத் தள்ளினீங்கள்? படமொண்டு போட்டால் பெரிய உதவி.