ஒரே அமர்வில் ஏழு காணொளி: ‘ஈடு’ என்று சொல்லலாமா?

மன்னார்குடியிலிருந்து:

வணக்கம். குறுவை நாற்றங்காலைப் பற்றி நாளுக்கொரு காணொளி வெளியிடுகிறேன். ஒரு வாரத்துக்கான ஏழையும் ஞாயிறு காலை ஒரே அமர்வில் எடுத்துவிடுவேன். இதைப் பயிற்சிக் கையேட்டில் ‘தொகுப்புப் பதிவு’ என்று எழுதியிருந்தேன். படித்தவர்களில் பாதிப் பேர் எடிட்டிங் என்று புரிந்துகொண்டார்கள். படத்தொகுப்பு என்ற சொல் அவ்வளவு வேரூன்றிவிட்டது. ‘தொகுதி’ என்று மாற்றினால் தேர்தல் தொகுதி முன்னால் வந்து நிற்கிறது. வேறு சொல் வேண்டும். எதை அடுத்து எதைப் பேசுவது என்று ஏழு காணொளிக்கும் பொதுவாக வைத்திருக்கும் பேச்சு வடிவத்துக்கும் ஒரு பெயர் சொல்லுங்கள்.

திருவாரூரிலிருந்து:

‘நெடும்பதிவு’ எனலாமே? ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசி, பிறகு ஏழு துண்டாக வெட்டுவதுதானே இது? நேரம் மிச்சமாவதும் அதனால்தான்.

மன்னார்குடியிலிருந்து:

நேரம் மிச்சமாவது உண்மை, ஆனால் காரணம் அதுவல்ல. முக்காலி, மைக், வெளிச்சம் ஆகியவற்றை ஒருமுறைதான் சரிசெய்கிறேன். மிச்சம் அங்கேதான். ஒவ்வொரு காணொளிக்கும் தனித் தொடக்கமும் தனி முடிவும் உண்டு.

எடுக்கும் வரிசையும் வெளியிடும் வரிசையும் வேறு. மோட்டார் கொட்டகை நிழலில் நின்று பேசும் ஏழு பகுதிகளையும் முதலில் முடிப்பேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் சிலேட்டில் எண்ணை எழுதிக் காட்டி ஒரு கைதட்டு. அடுத்ததற்குச் சட்டை மாற்றம். அதன் பிறகே வரப்புக்குப் போய், கை வேலையைக் கிட்டத்தில் எடுப்பேன். குரல் ஐந்தாவதிலேயே தளர்ந்துவிடும் என்பதால் விளக்கம் அதிகம் உள்ளதை முதலில் பேசிவிடுகிறேன்.

ஒருமுறை ஐந்தாவது காணொளியில் “நேற்றுப் பெய்த மழையில்” என்று சொல்லிவிட்டேன். அது வெளியானது வியாழக்கிழமை. புதன்கிழமை ஒரு தூறல்கூட இல்லை. எந்த ஊரில் மழை என்று கேட்டு எழுதினார்கள். அன்றிலிருந்து இன்று, நேற்று என்ற சொற்களை எழுத்திலேயே நீக்கிவிடுகிறேன்.

பயிர்க் காணொளிக்கு இன்னொரு எல்லையும் உண்டு. என் நாற்றுக்குப் பன்னிரண்டு நாள் வயது. நாற்றுப் பறிப்பைக் காட்ட வேண்டுமானால் முன்னதாக விதைத்த பக்கத்து வயலுக்குத்தான் போக வேண்டும். அங்கும் இல்லையென்றால் அந்தக் காணொளி அடுத்த அமர்வுக்குத் தள்ளிப்போகும்.

கும்பகோணத்திலிருந்து:

நான் சமையல் காணொளி எடுப்பவள். எங்கள் வீட்டில் ‘ஒரு ஈடு இட்லி’, ‘இரண்டாம் ஈடு முறுக்கு’ என்போம். அடுப்பு மூட்டுவது ஒருமுறை, மாவும் ஒன்றுதான், வெந்து வருவது பல. ‘ஈடு’ பொருந்துகிறதே ஐயா? எனக்கும் ஒரு கேள்வி. இரண்டாவது காணொளி எடுக்கும்போது ஆவி படிந்து லென்ஸ் மங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?

சுவாமிமலையிலிருந்து:

‘ஈடு’ அருமையான சொல் அம்மா. லென்ஸுக்கு என் யோசனை: கேமராவை அடுப்புக்கு நேர்மேலே வைக்காமல் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள்.

பேச்சு வடிவத்துக்கு எல்லோரும் ‘வார்ப்புரு’ என்பார்கள். தமிழ் விக்கிப்பீடியாவிலும் அதுதான். எங்கள் ஊர் வார்ப்பைப் பார்த்தவனுக்கு அது உறுத்துகிறது. மெழுகு உருகி வெளியேறிய களிமண் கூட்டில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் கூட்டை உடைத்துத்தான் சிலையை எடுக்கிறார்கள். ஒரு கூட்டுக்கு ஒரே சிலை. மீண்டும் மீண்டும் பயன்படுவது ஒடியோலையின் கணக்குதான். தென்னையோலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து அளவு பார்ப்பார்கள். சிலை மாறினால் ஓலையின் நீளம் மாறும், பங்கு மாறாது. உங்கள் வடிவமும் அப்படிப்பட்டதா?

மன்னார்குடியிலிருந்து:

ஏறக்குறைய அப்படித்தான். வயலில் கண்ட குறி, அதன் காரணம், செய்துகாட்டுவது, தவறினால் தெரியும் அடையாளம் என்று நான்கு பங்கு. விதைத் தேர்வுக் காணொளியில் இப்படி நிரப்பினேன்: முளைப்பு திட்டுத்திட்டாக இருக்கிறது; விதையில் பதர் கலந்திருக்கிறது; முட்டை மிதக்கும் அளவு உப்புக் கரைத்த நீரில் விதையைக் கொட்டி, மிதப்பதை அள்ளி எறிந்து, மூழ்கியதை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும்; கழுவாமல் விட்டால் நல்ல விதையும் சரியாக முளைக்காது. இதில் செய்துகாட்டுவதற்கே பாதி நேரம் போகும்.

முதல் வாக்கியத்தை மட்டும் வடிவத்தில் வைப்பதில்லை. முன்பு ஏழும் “விவசாய நண்பர்களே, உங்களுக்குத் தெரியுமா” என்றே தொடங்கின. மூன்றாம் நாளிலிருந்து பலர் தொடக்கத்திலேயே நகர்ந்துவிட்டார்கள்.

‘ஒடியோலை’ எனக்குப் பிடித்திருக்கிறது. சிற்பம் அறியாதவருக்கு விளக்க ஒரு பத்தி தேவைப்படும் என்பதால் கையேட்டில் இப்போதைக்குச் ‘சட்டகம்’ என்று போடுகிறேன்.

சுவாமிமலையிலிருந்து:

சட்டகம் அசையாதது. பங்கீடு என்ற பொருள் அதில் இல்லை. எனக்கு உடன்பாடில்லை.

திருவாரூரிலிருந்து:

நெடும்பதிவை விட்டுவிடுகிறேன். ஆனால் எங்கள் பக்கம் ‘ஈடு’ என்றதும் நிலத்தை ஈடு வைப்பதுதான் நினைவுக்கு வரும். ‘ஈட்டுப் பதிவு’ என்று எழுதினால் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கே போய்விடுவார்கள். ‘ஈட்டுப் படப்பிடிப்பு’ என்றால் தெளிவாகுமா? இட்லிக்கு ஈடு என்று சொல்லாத ஊர்க்காரர்கள் படித்துப் பார்த்துச் சொல்லட்டும்.