புதுப்பிப்பு: பெயின்ட் கொட்டேஷன் கேட்டு எழுதிய கடிதம்

என் பழைய கேள்வி: "வாடகை வீட்டைக் காலி செய்கிறேன், பெயின்ட் செலவை அட்வான்ஸில் கழிப்பார்கள். கான்ட்ராக்டர் 'மொத்தம் 38,000' என்கிறார். விவரம் கேட்டு எப்படி எழுதுவது?"

அனுப்பியது இது:

"ஐயா, சுவர், சீலிங், கிரில் எனாமல் மூன்றையும் தனித்தனியாக, அளந்த சதுர அடியோடு எழுதுங்கள். பட்டி எந்தச் சுவருக்கு, பிரைமர் உண்டா, எமல்ஷன் எத்தனை கோட்டிங், பொருள் எவ்வளவு, கூலி எவ்வளவு என்பதும் வேண்டும்."

பதில் வந்ததும் விஷயம் புரிந்தது. எல்லாச் சுவருக்கும் இரண்டு கோட்டிங் பட்டி போட்டிருந்தார். பழைய பெயின்ட் உரியவில்லை, ஆணி ஓட்டைகள்தான். அங்கங்கே பட்டி, பிரைமர், இரண்டு கோட்டிங் எமல்ஷன் போதும் என்றதும் 25,500 ஆனது.

என் கேள்விக்குப் பதில் எழுதிய பெயின்டர் அண்ணன் எச்சரித்தபடி, தரைப் பரப்பை வைத்துப் போட்ட கணக்கை நான் ஏற்கவில்லை. கதவு, ஜன்னல் பரப்பை முழுக்கக் கழிக்கச் சொன்ன நண்பர் பாதி சரி: கான்ட்ராக்டர் பெரிய ஜன்னலைக் கழித்தார், சின்னதுக்கு ஓர வேலை இருக்கிறது என்று மறுத்துவிட்டார். சொந்த வீட்டு வெளிச்சுவருக்கு விலை கேட்ட அக்காவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது: அது வேறு பெயின்ட், சாரமும் வேண்டும்.

பாத்ரூமை ஒட்டிய சுவரில் ஈரம். கசிவை நிறுத்தாமல் அடித்தால் மறுபடி உப்பிவிடும். அதை உரிமையாளர் செலவு என்கிறேன், அவர் இன்னும் ஒப்பவில்லை.