ஒன்றுக்கு ஒன்று ஷிஃப்ட் மாற்றியும் 2 மணி நேரம் ஓவர்டைம் வருகிறது, எங்கே பிசகு?

ரோஸ்டர்மேசை

வணக்கம். 24 மணி நேரமும் இயங்கும் உதவி மையம் ஒன்றில் ரோஸ்டர் போடுகிறேன். காலை 6–2, மதியம் 2–10, இரவு 10–6 என்று மூன்று ஷிஃப்ட். ஒவ்வொன்றிலும் ஒரு சீனியர், ஒரு ஜூனியர் கட்டாயம். சில ஒப்புதல்களைச் சீனியர் மட்டும்தான் கொடுக்க முடியும். சீனியர் நாலு பேர், ஜூனியர் நாலு பேர். ஆளுக்கு வாரம் ஐந்து ஷிஃப்ட் வரும், குழுவுக்கு ஒருவர் மட்டும் முறை வைத்து ஆறு பார்ப்பார். வாரத்துக்கு 48 மணி நேரம் தாண்டினால் ஓவர்டைம்.

போன மாதம் இரண்டு ஜூனியர்கள் மாற்றிக்கொண்டார்கள். பெயர் வேண்டாம், கண்மணி, முத்து என்று வைத்துக்கொள்வோம். கண்மணிக்குத் திங்கள் காலை பரீட்சை, அதனால் அவருடைய ஞாயிறு இரவை முத்து எடுத்தார். பதிலுக்கு அடுத்த வாரம் முத்துவின் புதன் மதியத்தைக் கண்மணி பார்த்தார். எட்டு மணி நேரம் கொடுத்து எட்டு மணி நேரம் வாங்கியாயிற்று. மாத மொத்தத்தில் இருவருக்கும் ஒரு நிமிடம்கூட மாறவில்லை. ஆனால் சம்பளப் பிரிவு முத்துவுக்கு 2 மணி நேரம் ஓவர்டைம் போட்டிருக்கிறது. எட்டும் இல்லை, பூஜ்யமும் இல்லை, அதென்ன இரண்டு? அவர்கள் கணக்கில் பிழையா?

இன்னொன்று, திங்கள் மதியம் முத்து 40 நிமிடம் தாமதமாக வந்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்கிறேன்.

செல்வி_ப

எங்க இடத்துல இதுக்குத்தான் மாற்றமே கூடாதுன்னு போர்டு போட்டுட்டாங்க. வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லன்னா லீவு போடு, இல்ல வேலைக்கு வான்னு சொல்றாங்க. அப்படித் தடை போடுறதுக்குச் சட்டத்துல இடம் இருக்கா? யாராவது சொல்லுங்களேன்.

ரோஸ்டர்மேசை

மேடம், நான் தடை போடுவதைப் பற்றிக் கேட்கவில்லை. மாற்றத்தை அனுமதித்துக்கொண்டே ஓவர்டைம் வராமல் பார்ப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

வேகன்

ரொம்ப சிம்பிள் ப்ரோ. ஓவர்டைம் மாசக் கணக்குல வராது, வாரக் கணக்குல வரும். இந்த வாரம் வாங்கினத இந்த வாரத்துலயே திருப்பிக் கொடுக்கணும். அடுத்த வாரம்னு தள்ளினா ஒருத்தருக்கு ஏறும், இன்னொருத்தருக்கு இறங்கும். ஏறினவருக்கு ஓவர்டைம் உண்டு, இறங்கினவர்கிட்ட எதையும் பிடிக்க முடியாது. நாங்க "அதே வாரம்"னு ஒரே ஒரு ரூல் வச்சிருக்கோம், பிரச்சினையே இல்ல.

கணக்கர்

வேகன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் அந்த 2 ஒளிந்திருக்கிறது.

ரோஸ்டர்மேசை சார், முத்து அந்த வாரம் ஆறு ஷிஃப்ட் முறைக்காரராக இருந்திருக்க வேண்டும், சரியா? உங்கள் சம்பள வாரம் திங்கள் நள்ளிரவு 00:00 மணிக்குத் தொடங்குகிறது என்றும் ஊகிக்கிறேன். அப்படியானால் ஞாயிறு இரவு ஷிஃப்ட் ஒரு வாரத்தில் அடங்காது. 10 முதல் 12 வரை இரண்டு மணி நேரம் இந்த வாரத்தில் விழும், மீதி ஆறு அடுத்த வாரத்தில் விழும். முத்து திங்கள் முதல் சனி வரை 48 முடித்துவிட்டார். அதன்மேல் இந்த 2 ஏறி 50 ஆயிற்று. அடுத்த வாரம் அவருக்கு ஐந்து ஷிஃப்ட், 40. அதோடு ஞாயிறு இரவின் மிச்சம் 6 சேர்ந்து, புதன் 8 கழிந்து, 38. மொத்தத்தில் சமம்தான், ஆனால் முதல் வாரம் கோட்டைத் தாண்டிவிட்டது. கண்மணிக்கு முதல் வாரம் 32, இரண்டாவது வாரம் சரியாக 48. அவர் மயிரிழையில் தப்பித்தார்.

அந்த எண்ணே சம்பளப் பிரிவின் முறையைக் காட்டிக்கொடுக்கிறது. ஷிஃப்ட் தொடங்கும் நாளில் முழு எட்டையும் எழுதுகிற இடமாக இருந்தால் 8 வந்திருக்கும். உங்களுக்கு 2 வந்திருப்பதால் நள்ளிரவில் வெட்டுகிறார்கள். இருந்தாலும் கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இது தெரியாமல் எந்த மாற்றத்துக்கும் சரி சொல்ல முடியாது.

வேகன், உங்கள் "அதே வாரம்" விதி இந்த வழக்கில் பலித்திருக்கும். முத்து ஞாயிறு இரவை எடுத்துக்கொண்டு அந்த வாரத்தின் வெள்ளியைக் கண்மணிக்குக் கொடுத்திருந்தால் 42, அடுத்த வாரம் 46, ஓவர்டைம் இல்லை. வாராந்திர ஓய்வும் வெள்ளியன்று கிடைத்திருக்கும். இப்போது நடந்ததில் அவருக்கு அந்த வாரம் முழு ஓய்வு நாளே இல்லை. ஆனால் அடுத்த வாரமும் முத்துவுக்கு ஆறு ஷிஃப்ட் என்றால்? 48 உடன் மிச்சம் 6 சேர்ந்து 54. அதே வாரத்தில் திருப்பிக் கொடுத்தும் 6 மணி நேரம் ஓவர்டைம். ஞாயிறு இரவு என்று வந்தாலே இரண்டு வாரங்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ரோஸ்டர்மேசை

ஆமாம் சார், முத்துவுக்கு அந்த வாரம் ஆறு. என் எக்செல்லில் ஷிஃப்ட் எண்ணிக்கையைத்தான் கூட்டி வந்தேன், மணி நேரத்தை அல்ல. அதனால்தான் கண்ணில் படவில்லை. இதை ஷீட்டில் எப்படிக் கொண்டுவருவது?

கணக்கர்

ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் தொடக்கம், முடிவு இரண்டையும் தேதியோடு எழுதுங்கள். தொடக்கம் B-யில், முடிவு C-யில். வாரத் தொடக்கம் H1-ல், அடுத்த வாரத் தொடக்கம் H2-ல். அந்த வாரத்துக்குள் விழும் மணி நேரம் மட்டும் இப்படி வரும்:

```
=MAX(0, MIN(C2,$H$2)-MAX(B2,$H$1))*24
```

ஞாயிறு இரவு ஷிஃப்டுக்கு இது 2 காட்டும். H1, H2-ஐ ஒரு வாரம் தள்ளினால் அதே ஷிஃப்ட் 6 காட்டும். ஆள்வாரியாகக் கூட்டிவிட்டு, மாற்றத்தை அனுமதிக்கும் முன் இரண்டு பேருக்கும் இரண்டு வாரத்தையும் பாருங்கள். நாலு எண்கள்தான்.

நீங்கள் சம்பந்தம் இல்லை என்று விட்ட அந்த 40 நிமிடத்துக்கு வருகிறேன். முத்து திங்கள் காலை 6 மணிக்கு இரவு ஷிஃப்ட் முடித்து, அன்றே மதியம் 2 மணிக்குத் தன் சொந்த ஷிஃப்டுக்கு வந்திருக்கிறார், இல்லையா? இடையில் 8 மணி நேரம். போகவர நேரம், குளியல், சாப்பாடு கழித்தால் பகல் வெளிச்சத்தில் ஐந்து மணி நேரம் தூங்கியிருந்தாலே பெரிய விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேர விதி 24 மணி நேரத்தில் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு கேட்கிறது. உங்களுக்கு எந்த விதி பொருந்துகிறதோ பாருங்கள், ஒன்றும் இல்லாவிட்டாலும் 11 என்று நீங்களே வைத்துக்கொள்வது நல்லது. ஓவர்டைம் கணக்கில் இது தெரியாது, ஆள் வருகிற நேரத்தில்தான் தெரியும்.

வேகன்

சரி, 54 கேஸ் எனக்குத் தோணல, ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு இவ்வளவா? முத்துவோட அந்த ரெண்டு மணி நேரத்த அடுத்த வாரக் கணக்குல எழுதச் சொல்லிட்டா முடிஞ்சது. அவருக்கும் 38 தானே இருக்கு, 40 ஆயிடும்.

கணக்கர்

அது கூடாது தம்பி. வேலை பார்த்த நேரத்தை வேறொரு நாளில் எழுதுவது பதிவேட்டைத் திருத்துவது. ஒரு நாள் தணிக்கையிலோ தகராறிலோ வருகைப் பதிவும் சம்பளத் தாளும் முட்டிக்கொள்ளும். அனுமதி வாங்காமல் மாற்றினார் என்பதற்காகவும் பணத்தை மறுக்க முடியாது, பார்த்த வேலைக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அனுமதி வாங்காததைத் தனியாகக் கண்டியுங்கள். அந்த 2 மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு அடுத்ததைத் தடுங்கள்.

இரவுக்கிளி

நான் ஷிஃப்ட் பார்க்கிற ஆள், ரோஸ்டர் போடுகிறவள் இல்லை. கீழே இருந்து பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. நாலு ஜூனியர், நாளுக்கு மூன்று ஷிஃப்ட் என்றால் ஒரு நாளில் சும்மா இருப்பது ஒரே ஒருவர். அந்த ஞாயிறு முத்து மட்டும்தான் வீட்டில் இருந்திருப்பார். கண்மணி வேறு யாரைக் கேட்பார்? 48 முடித்தவரைத்தான் கேட்க முடியும். எங்களிடமும் இதே கதைதான். ஓய்வில் இருக்கிறவருக்குப் போன் போய்க்கொண்டே இருக்கும், மறுத்தால் முகம் சுளிப்பார்கள். பார்ப்பதற்கு மாற்றம், உள்ளே கட்டாயம்.

ரோஸ்டர்மேசை

உண்மைதான், முத்து மட்டும்தான் அன்று ஓய்வு. இதை நான் கவனிக்கவே இல்லை.

கணக்கர்

இரவுக்கிளி சொன்னதுதான் அடிவேர். ஓய்வில் இருப்பவரைத் தேடாமல், அன்றே வேலையில் இருப்பவரோடு நேரத்தை மாற்றிப் பார்க்கலாம். ஞாயிறு காலை ஷிஃப்டில் இருந்த மூன்றாவது ஜூனியர் இரவுக்குப் போய், கண்மணி காலைக்கு வந்திருந்தால் கண்மணி மதியம் 2 மணிக்கே வீட்டில். முத்துவின் ஓய்வு நாளும் தொடப்படவில்லை. ஒரே நிபந்தனை, இரவுக்குப் போகிறவருக்கு அடுத்த வாரம் ஆறு ஷிஃப்ட் இருக்கக் கூடாது, திங்களன்று காலை, மதியம் இரண்டும் இருக்கக் கூடாது. கண்மணிக்குச் சனி மதியமும் இரவும் கூடாது. மதியம் என்றால் இடையில் 8 மணி நேரம்தான், இரவு என்றால் 6 மணிக்கு முடித்து 6 மணிக்கே தொடங்குவார். இத்தனைக்கும் ஒத்துவரும் ஆள் எப்போதும் கிடைப்பார் என்று சொல்லமாட்டேன்.

ஜூனியர் ஜூனியரோடு, சீனியர் சீனியரோடு என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தலை எண்ணிக்கை இரண்டு இருக்கும், ஒப்புதல் கொடுக்க ஆள் இருக்காது.

செல்வி_ப

மாத்தி எடுத்தவர் வரலன்னா யார் பொறுப்பு? எங்க பழைய இடத்துல முதல்ல பேர் இருந்தவருக்குத்தான் மெமோ கொடுத்தாங்க. அது அநியாயம் இல்லையா?

வேகன்

பின்ன? அவர்தானே ஆள் பிடிச்சது. பொறுப்பு அவர்மேல இல்லன்னா எல்லாரும் தள்ளிவிட்டுட்டுப் போயிருவாங்க.

கணக்கர்

எனக்கு உடன்பாடில்லை. ரோஸ்டரில் பெயர் மாறிய கணத்தில் பொறுப்பும் மாற வேண்டும், அதற்காகத்தானே அனுமதி. வாட்ஸாப்பில் பேசிக்கொண்டது மட்டும் இருந்தால் பழைய பெயர்தான் நிற்கும். ஆனால் இதில் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு மாதிரி நடக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ரோஸ்டர்மேசை

சம்பளப் பிரிவில் கேட்டேன். திங்கள் 00:00, நள்ளிரவில் வெட்டுவது, இரண்டும் கணக்கர் சார் சொன்னபடியே. வார எல்லையைத் திங்கள் காலை 6 மணிக்கு மாற்றினால் இரவு ஷிஃப்ட் முழுசாக ஒரு வாரத்தில் அடங்குமே என்று கேட்டுப் பார்த்தேன், மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

இன்றைக்கு இரண்டு மாற்று விண்ணப்பம் வந்தது. ஒன்றில் நாலு எண்ணும் 48-க்குள், இடைவெளியும் 16 மணி நேரம், சரி என்றேன். இன்னொன்றில் ஒரு சீனியருக்கு 50 வந்தது. அவரிடம் புதன் காலையை விட்டுக்கொடுத்தால் அனுமதிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். புதன் தனக்கு வசதிப்படாது, வியாழன் என்றால் சரி என்கிறார். வியாழனன்று ஓய்வில் இருக்கும் சீனியருக்குப் புதன் இரவு ஷிஃப்ட் இருக்கிறது.

கணக்கர்

அப்படியென்றால் வியாழன் காலை, மதியம் இரண்டும் அவருக்கு ஆகாது. விட்டுக்கொடுக்கப்போவது வியாழன் இரவு என்றால் பாருங்கள், 16 மணி நேரம் கிடைக்கும். அவருடைய வார மொத்தத்தையும் ஒருமுறை போட்டுவிட்டுச் சொல்லுங்கள்.